ரத்தம் கசியும் ஈறு, இறங்காத சுகர்

தொழிற்சாலைகளில் ‘உடல்நல தினம்’ என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேன்டீன் பக்கத்தில் பந்தல் போடுவார்கள். விரல் நுனியில் ஊசி குத்தி சுகர் பார்ப்பார்கள், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார்கள், எடையைக் குறித்துக்கொள்வார்கள். சுகர் கூடுதலாக இருந்தால் கண் பரிசோதனைக்கு ஒரு சீட்டு எழுதுவார்கள், பாதத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். வாயைத் திறக்கச் சொல்கிறவர் மட்டும் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்.

ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் அந்தக் குறையைச் சரிசெய்யப் பார்த்தார்கள். சுகர் உள்ள ஊழியர்களின் வாய்ப் பராமரிப்பு பற்றிப் பேச, ஈறு சிகிச்சையில் மேற்படிப்பு படித்த பல் மருத்துவர் ஒருவரை அழைத்திருந்தார்கள். ஏ ஷிஃப்ட் முடிந்து பி ஷிஃப்ட் தொடங்கும் இடைவெளியில், பயிற்சிக் கூடத்தில் அவர் பேசினார். எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்: “பல் விளக்கும்போது துப்புறதுல ரத்தம் வருதுன்னு எத்தனை பேர் பார்த்திருக்கீங்க?”

பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. “அதுக்காக டாக்டர்கிட்ட போனவங்க?” என்றார். உயர்ந்த கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. “வலிக்கல, அதான் போகல மேடம்” என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

அன்றைய பேச்சு முழுவதும் அந்தப் பதிலைச் சுற்றியே நடந்தது. சுகர் உள்ளவரின் ஈறில் ரத்தம் கசிந்தால் அது பல் துலக்கும் பிரஷ்ஷின் குற்றமில்லை, உடல் சூட்டாலும் வருவதில்லை. அது ஆறாத ஒரு புண். அந்தப் புண் இருக்கும்வரை சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது கூடுதல் கடினம்.

கண்ணில் படாத புண்

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். நாம் எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், பல்லின் மேல் கிருமிகள் பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படிந்துகொண்டே இருக்கும். தினமும் துடைத்து எடுத்தால் பிரச்சினை இல்லை. விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்கும். நாம் காரை என்று சொல்வது இதைத்தான். காரை கட்டிய பிறகு பிரஷ்ஷால் அதை எடுக்க முடியாது.

காரைமேல் படரும் கிருமிகளை எதிர்த்து ஈறு வீங்குகிறது, சிவக்கிறது, தொட்டால் ரத்தம் விடுகிறது. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பும். கவனிக்காமல் போனால் சிலருக்கு வீக்கம் உள்நோக்கி இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் கரைக்கிறது. பள்ளம் நான்கு, ஐந்து, ஆறு மில்லிமீட்டர் என ஆழமாகி ஒரு பை போல் ஆகிவிடுகிறது. அந்தப் பையின் உள்சுவர் முழுவதும் தோல் உரிந்த புண்ணாக இருக்கும். கரைந்த எலும்பு தானாக வளர்வதில்லை.

ஈறு நோய் முற்றிய ஒருவரின் வாயில் இந்தப் புண்பரப்பை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டு முதல் இருபது சதுர சென்டிமீட்டர்வரை வருகிறது. மருத்துவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சொன்னார்: “அதிகபட்சம் கிட்டத்தட்ட இதுல கால்வாசி. இந்த அளவுக்குக் கால்ல ஒரு புண் இருந்தா, சுகர்காரர் ஒருத்தர் சும்மா இருப்பாரா? அடுத்த நாளே ஓடுவார். வாய்க்குள்ள இருக்கிறதால கண்ணுக்குத் தெரியல. வலியும் பெரும்பாலும் இருக்காது. பல் ஆட ஆரம்பிக்கும்போதுதான் வருவாங்க.”

புகை பிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புகையிலை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். “எனக்கு ரத்தம் வரல, அதனால ஈறு நல்லா இருக்கு” என்று புகைப்பவர் நினைத்துக்கொள்ள முடியாது. பல் நீண்டுகொண்டே போவதுபோலத் தெரிவது, பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுவது, வாய் துர்நாற்றம் போகாமல் இருப்பது ஆகியவையே அவருக்கு அடையாளம்.

இரு பக்கமும் ஓடும் பாதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹீலா ஆற்றுப் பகுதியில் வாழும் பிமா பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள் 1990இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களைவிட உள்ளவர்களுக்கு ஈறு நோய் புதிதாக வரும் வேகம் 2.6 மடங்கு இருந்தது. 1993இல் ஹரால்ட் லோ என்ற ஈறு நோய் அறிஞர், கண், சிறுநீரகம், நரம்பு போன்ற பாதிப்புகளின் வரிசையில் ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கலாகச் சேர்த்தார்.

காரணம் இதுதான். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் கூடுதலாக இருந்தால், அது உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் தன்மையை மாற்றிவிடும். ஈறில் இப்படி மாறிய புரதங்கள் சேரும்போது, கிருமியைக் கண்டால் உடல் காட்டும் எதிர்ப்பு அளவுமீறிப் போகிறது. வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, ஆனால் வேலையைச் சரியாக முடிப்பதில்லை. வீக்கம் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காது. புண் ஆறுவதும் தாமதமாகும். கிருமி அதே கிருமிதான், அதே அளவு காரைதான். சுகர் இல்லாதவரின் எலும்பை மெதுவாகக் கரைப்பது, கட்டுப்பாடில்லாத சுகர் உள்ளவரின் எலும்பை விரைவாகக் கரைத்துவிடும்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. அந்தப் புண்ணிலிருந்து கிருமிகளும், வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களும் தினமும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. வீக்கம் உடல் முழுவதற்குமான நிலையாக மாறும்போது, தசையும் கல்லீரலும் இன்சுலினின் கட்டளையைச் சரிவரக் கேட்பதில்லை. சளிக்காய்ச்சல் வந்தால் சுகர் ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ஈறின் வீக்கம் ஆண்டுக்கணக்கில் இருக்கும். பிமா மக்களிடமே 1996இல் இதையும் கண்டார்கள்: தொடக்கத்தில் ஈறு நோய் முற்றியிருந்தவர்களுக்கு, பின்னாளில் சுகர் கட்டுக்கடங்காமல் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

சுத்தம் செய்தால் சுகர் இறங்குமா?

“பல்லை க்ளீன் பண்ணா சுகர் குறையும்னு சொல்றீங்க. எவ்வளவு குறையும் மேடம்?” என்று எழுந்து கேட்டார் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரர்.

மருத்துவர் அளந்தே பதில் சொன்னார். கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைத்தான் இதற்கு அளவுகோலாக வைக்கிறார்கள். 2022இல் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. மொத்தம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். ஈறுக்கு ஆழமான சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று, நான்கு மாதங்களில் இந்த அளவு சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்தது. இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்தால் வழக்கமாகக் கிடைப்பதைவிட இது சற்றுக் குறைவு. 8.4 இருந்தவர் 8 ஆவார், 6 ஆக மாட்டார். மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது.

எல்லாச் சோதனைகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2013இல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் ஆறு மாதம் கழித்தும் சுகரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அந்தச் சோதனையை ஆராய்ந்த மற்ற வல்லுநர்கள், சிகிச்சைக்குப் பிறகும் அவர்களின் ஈறில் ரத்தக் கசிவு நிறைய மிச்சமிருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். 2018இல் லண்டனில் 264 பேரிடம் நடந்த சோதனையில் சிகிச்சை தீவிரமாகவும் தொடர்ச்சியாகவும் தரப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களுக்கும், மேலோட்டமாக மட்டும் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கும் இடையே 0.6 புள்ளி வித்தியாசம் இருந்தது.

“இதிலிருந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான்” என்றார் மருத்துவர். “க்ளீன் பண்ணியாச்சுன்னு சொன்னா போதாது. புண் ஆறிச்சான்னு திரும்ப அளந்து பார்க்கணும்.”

ஒருவரின் கணக்கு

அளப்பது எப்படி என்று புரியவைக்க, தான் பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளாக ஆக்கி ஒரு கதை சொன்னார். வயது 49. லைன் சூப்பர்வைசர். ஒன்பது வருடமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஹெச்பிஏ1சி 8.6. கீழ்முன்பற்கள் லேசாக ஆடுகின்றன. வலி இல்லை.

மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஆழம் பார்க்கிறார்கள். இவருக்கு 27 பற்கள், ஆக 162 இடங்கள். அவற்றில் 94 இடங்களில் கம்பி பட்டதும் ரத்தம் வந்தது. 61 இடங்களில் ஆழம் நான்கு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தது. அதில் 14 இடங்கள் ஆறைத் தாண்டியவை. எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருப்பது தெரிந்தது.

சிகிச்சை இரண்டு அமர்வுகளில் முடிந்தது. ஒரு வாரம் வலப்பக்கம், மறுவாரம் இடப்பக்கம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு மேலே தெரியும் காரையோடு, பைக்குள்ளே வேரில் ஒட்டியிருந்த காரையையும் எடுத்தார்கள். சாதாரண ஸ்கேலிங்கில் இந்த உள்வேலை நடப்பதில்லை. 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியை இரண்டு வாரத்துக்கு மட்டும் தந்தார்கள். பத்து மில்லி, ஒரு நிமிடம், தினம் இருமுறை. பேஸ்ட்டின் நுரை அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால், பல் துலக்கி அரைமணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்க வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் சுவை மாறும்.

பத்து வாரம் கழித்து அதே 162 இடங்களையும் மறுபடி அளந்தார்கள். ரத்தம் வந்த இடங்கள் 26 ஆகக் குறைந்திருந்தன. நான்கு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமானவை 19, ஆறைத் தாண்டியவை மூன்று. அந்த மூன்றும் ஒரே கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் இருந்தன. கருவி எட்டாத இடம் அது. அதற்கு ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவை தேவைப்படும். ஹெச்பிஏ1சி 8.1 ஆகியிருந்தது. மருந்து மாறவில்லை. ஆனால் அவர் கேன்டீன் டீயில் சர்க்கரையையும் நிறுத்தியிருந்தார். ஆகவே அந்த அரைப் புள்ளி முழுவதையும் ஈறின் கணக்கில் எழுத முடியாது. ஆடிய பற்கள் ஓரளவு இறுகின, ஏனென்றால் வீக்கம் வடிந்தது. கரைந்த எலும்பு வரவில்லை. பைகளில் கிருமி திரும்பக் குடியேறும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வர வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ என்ற பொதுவான கெடு அவருக்குப் பொருந்தாது.

“க்ளீன் பண்ணா பல்லுக்கு நடுவுல சந்து விழுந்துடும், பல்லு ஆடும்னு சொல்றாங்களே மேடம்?” பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டார்.

“சந்து ஏற்கெனவே இருந்ததும்மா. எலும்பு கரைஞ்ச இடத்தைக் காரையும் வீங்கின ஈறும் அடைச்சு வெச்சிருந்தது. காரையை எடுத்து வீக்கமும் வடிஞ்சதும் இருக்கிறது தெரியுது. கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், அது குறைஞ்சிடும். சந்து வெளியே தெரியுதேன்னு காரையை விட்டுவெச்சா, அடுத்து பல்லே போயிடும்” என்றார் மருத்துவர்.

ஷிஃப்ட் ஆளுக்கு எது இரவு?

தினசரிப் பராமரிப்பில் அவர் சொன்னது அதிகமில்லை. மென்மையான பிரஷ்ஷின் இழைகளைப் பல்லின் மேல் நேராக வைக்காமல், பல்லும் ஈறும் சேரும் கோட்டை நோக்கிச் சரித்து வைத்து, அழுத்தாமல் சின்ன அசைவுகளாகத் துலக்க வேண்டும். இரண்டு நிமிடம், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட். பிரஷ் எட்டாத பல்லிடுக்குகளில்தான் நோய் தொடங்கும் என்பதால், அதற்கென உள்ள சிறு இடுக்கு பிரஷ்ஷை தினம் ஒருமுறை விட வேண்டும். இடுக்கில் லேசான பிடிப்போடு போய்வரும் அளவைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். முதல் வாரம் ரத்தம் வரும். அதற்காக நிறுத்தக் கூடாது, தொடர்ந்தால் இரண்டு வாரத்துக்குள் குறையும். அதன் பிறகும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அங்கே ஆழமான பை இருக்கலாம்.

சி ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு அவர் தனியாக ஒன்று சொன்னார். ‘இரவு பல் துலக்குங்கள்’ என்ற அறிவுரை அவர்களுக்குப் பயன்படாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், வாயைக் காக்க ஆள் இல்லாத நேரம் அது. எனவே தூங்கப் போகும் முன் துலக்குவதுதான் கணக்கு. ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு வந்து, டிபன் சாப்பிட்டு, அப்படியே படுத்து, மாலை எழுந்து பல் துலக்குகிறவர் பகல் முழுவதும் உணவுத் துகளோடும் வறண்ட வாயோடும் தூங்குகிறார். டிபனுக்கும் படுக்கைக்கும் நடுவே துலக்கினால் போதும்.

சுகர் கூடுதலாக இருந்தாலும் வாய் வறளும், சில பிரஷர் மாத்திரைகளாலும் வறளும். வறட்சியைத் தீர்க்க ஷிஃப்ட் முழுவதும் இனிப்பு டீயை மிடறு மிடறாகக் குடித்தால் சொத்தையும் சேர்ந்து வரும். தண்ணீர் போதும். நாக்கிலோ அண்ணத்திலோ வெள்ளைத் திட்டும் எரிச்சலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சுகர் உள்ளவர்களுக்கும் பல்செட் போட்டவர்களுக்கும் எளிதில் வரும். பல்செட்டைத் தூங்கும்போது கழற்றிக் கழுவி வைக்க வேண்டும்.

பல் நாற்காலிக்குப் போகும் நாள்

சுகர் இருந்தால் பல் பிடுங்கக் கூடாது என்ற பயம் இன்னும் இருக்கிறது. சுகர் கட்டுக்குள் இருப்பவருக்குப் பல் எடுப்பதில் தடையே இல்லை. சீழ் வைத்த பல்லை பயத்தால் விட்டுவைத்தால் அதுவே சுகரை ஏற்றும். தாடை வீங்கி, காய்ச்சலோடு, விழுங்கவோ வாய் திறக்கவோ சிரமமாக இருந்தால், சுகர் இறங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அதைவிட அடிக்கடி நேரும் ஆபத்து சுகர் இறங்கிப்போவது. சி ஷிஃப்ட் முடித்தவர் சாப்பிடாமல், ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரே பல் மருத்துவமனைக்கு வருகிறார். காத்திருக்கிறார். ஊசி போட்ட பிறகு உதடு இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருப்பதால் அப்போதும் சாப்பிட முடியவில்லை. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மருந்து எடுப்பவருக்கு இதற்குள் வியர்த்து, நடுங்கி, தலை சுற்றத் தொடங்கும். எனவே நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், காலை உணவையும் மருந்தையும் வழக்கம்போல் முடித்துவிட்டு, முற்பகலில் வர வேண்டும். மாத்திரைப் பட்டியலையும் கடைசி ஹெச்பிஏ1சி சீட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும். சுகர் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் பல் எடுப்பதற்காகத் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது.

முகாம் பந்தலில் என்ன செய்யலாம்?

ஐசிஎம்ஆர் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் பத்துக் கோடிப் பேர். வேலைக்குப் போகும் வயதினர் இவர்களில் ஏராளம். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவக் குழு சந்திக்கும் இடம் தொழிற்சாலைதான். அங்கே வாயையும் பார்ப்பது கடினமில்லை.

முழு அளவீடும் முகாமில் தேவையில்லை. நுனியில் சின்ன உருண்டையும் நடுவில் கறுப்புப் பட்டையும் உள்ள ஒரு கம்பி இருக்கிறது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பட்டை எவ்வளவு மறைகிறது, ரத்தம் வருகிறதா என்று பார்த்தால் சில நிமிடங்களில் ஒருவருக்கு முடிந்துவிடும். பட்டை ஓரளவு மறைந்தாலே அவரைச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு கிருமிநீக்கிய கண்ணாடியும் கம்பியும் வேண்டும் என்பதால், எத்தனை செட் கையில் இருக்கிறதோ அத்தனை பேரைத்தான் அன்று பார்க்க முடியும். அதற்கேற்ப முகாமைப் பல நாட்களாகப் பிரிக்கலாம்.

சுகர் உள்ளவர்களைத் தனி வரிசையில் நிறுத்தக் கூடாது. தன் நோய் மேலதிகாரிக்கும் சக ஊழியருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர் அந்த வரிசைக்கே வர மாட்டார். எல்லோரின் வாயையும் பார்த்து, முடிவைச் சீட்டில் எழுதி அவரவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். இன்னொரு பயனும் உண்டு: சுகர் இருப்பதே தெரியாதவரின் ஈறு மோசமாக இருந்தால், அவரை அன்றே பக்கத்து மேஜையில் சுகர் பார்க்க அனுப்பலாம்.

பேச்சு முடிந்து கலையும் நேரத்தில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள ஓர் இளைஞர், “அங்க போய் என்னன்னு கேட்கணும் மேடம்?” என்றார். பல் பிரிவு உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் மாவட்ட அரசு மருத்துவமனையிலும், சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம் என்ற மருத்துவர், கேட்க வேண்டிய மூன்றையும் சொன்னார். எனக்கு சுகர் இருக்கிறது, ஈறு எத்தனை இடத்தில் எவ்வளவு ஆழம் என்று அளந்து சொல்ல முடியுமா? உள்ளே வேர்வரை சுத்தம் செய்ய வேண்டுமா, மேலோட்டமாகப் போதுமா? மறுபடி அளந்து பார்க்க எப்போது வரட்டும்?

சுகருக்கு மருந்து தரும் மருத்துவரிடமும் இதைச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 முதல், ஈறு நோயைக் கவனிப்பது சுகர் கட்டுப்பாட்டுக்கு உதவும் என்று நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது. நம் ஊரில் அவர் கேட்காவிட்டால் நாமே தொடங்கலாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும், சாப்பாட்டைக் குறைத்தும் சுகர் இறங்க மறுத்தால், அளவைக் கூட்டும் முன் “என் ஈறில் ரத்தம் வருகிறது டாக்டர், அதையும் பார்த்துவிடலாமா?” என்று கேட்பது நோயாளியின் உரிமை.